அலுவலக போன் அல்லது லேப்டாப் தொலைந்த முதல் ஒரு மணி நேரம்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம்

வாடிக்கையாளர் தகவல் இருக்கும் அலுவலகச் சாதனத்தைத் தொலைத்த ஊழியருக்காக எழுதியது இது. சாதனம் தொலைந்ததும் பெரும்பாலானவர்கள் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள்: இரவு முழுக்கத் தேடுகிறார்கள், பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள், அல்லது பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் தப்பில்லைதான். வரிசை தப்பினால் ஒரு படி அடுத்த படியைக் கெடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு படிக்கும், அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

## 1. தொலைவதற்கு முன்பே வெளியே இருக்க வேண்டியவை

இன்னும் எதையும் தொலைக்காதவர்களுக்கான பகுதி இது. ஏற்கெனவே தொலைத்துவிட்டு வந்திருந்தால் நேராக இரண்டாம் படிக்குப் போங்கள்.

உங்கள் கணக்கில் நுழைய வேண்டுமானால் உறுதிப்படுத்தும் எண் வரும். அது எங்கே வரும்? தொலைந்த போனுக்கே வரும். தொலைத்தவர்கள் முதலில் முட்டி நிற்கும் இடம் இதுதான். ஆகவே அந்த எண்ணுக்குப் பதிலாகக் கொடுத்து நுழைய உதவும் பேக்கப் கோடுகளை, அலுவலகக் கணக்குக்கானவற்றை, ஒரு தாளில் அச்சிட்டு வீட்டில் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள், பையோடு போய்விடும்.

ஐடி பிரிவின் அவசர எண்ணும் மேலாளரின் எண்ணும் போனின் தொடர்புப் பட்டியலில் மட்டும் இருந்தால் பயனில்லை. ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். போனின் ஐஎம்இஐ எண்ணையும் லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் பேக்கப் கோடு உள்ள தாளிலேயே எழுதிவிடலாம். போனில் `*#06#` என்று அழுத்தினால் ஐஎம்இஐ திரையில் வரும்.

போனில் தேடும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா, லேப்டாப்பில் டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது திறவுகோல் இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி செய்யும் பிட்லாக்கரோ ஃபைல்வால்ட்டோ, இயக்கத்தில் இருக்கிறதா என்று ஐடியிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். "இருக்கும்னு நினைக்கிறேன்" என்ற பதில், தொலைந்த அன்று எதற்கும் உதவாது.

## 2. பத்து நிமிடம் தேடுங்கள், அதோடு நிறுத்துங்கள்

வேறொரு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழையுங்கள். கடைசியாக உட்கார்ந்த இடம், இறங்கிய வண்டி, கூட்டம் நடந்த அறை, இவற்றை விசாரியுங்கள். யாராவது எடுத்துப் பேசினால் பொது இடத்தில் சந்தித்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். ஆனாலும் அடுத்த படியைத் தள்ளிப் போடாதீர்கள். நடுவில் அது யார் கையில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

பத்து நிமிடம் என்பது என் கணக்கு. உங்கள் அலுவலக விதியில் வேறு எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். எல்லை ஏன் வேண்டுமென்றால், தேடிக்கொண்டிருக்கும்போது "இன்னும் ஒரு இடம் பார்த்துவிடலாம்" என்று தோன்றிக்கொண்டே இருக்கும். அப்படித்தான் மாலை ஆறு மணி இரவு பதினொன்று ஆகிறது.

## 3. அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்

பூட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். ஆமாம். நீங்கள் பூட்டுவதற்கு இணையதளம் தேடி, பாஸ்வேர்டு நினைவுபடுத்தி, உறுதிப்படுத்தும் எண்ணில் மாட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில், ஐடியில் இருப்பவர் தன் நிர்வாகத் திரையிலிருந்து இரண்டு நிமிடத்தில் அதைச் செய்துவிடுவார். உங்களிடம் இல்லாத அதிகாரங்களும் அவரிடம் இருக்கின்றன.

போன் செய்யுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். குழு அரட்டையில் போடாதீர்கள். அந்தக் குழு தொலைந்த போனிலேயே திறந்திருக்கலாம், எடுத்தவர் அதைப் படிக்கலாம். ஐடியில் யாரும் எடுக்காவிட்டால் மேலாளர், அவரும் எடுக்காவிட்டால் அவருக்கு மேல் உள்ளவர்.

என்ன சொல்வது என்று தடுமாற வேண்டாம். இவ்வளவு போதும்:

"என் அலுவலக போன் தொலைந்துவிட்டது. கடைசியாக 6:10-க்கு என் கையில் இருந்தது, 6:25-க்குக் கவனித்தேன். திரை பூட்டியிருந்தது. மின்னஞ்சலும் கோப்புகளும் அதில் திறந்திருந்தன. இந்த எண்ணில் என்னைப் பிடிக்கலாம்."

திரை பூட்டியிருந்ததா என்பது இதில் முக்கியமான தகவல். வேலை செய்துகொண்டிருக்கும்போதே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் அதைச் சொல்லத் தவறாதீர்கள், ஏனென்றால் அப்போது அடுத்த படிகளின் வேகமே மாறும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். "பூட்டித்தான் இருந்திருக்கும்" என்று நீங்கள் ஒப்புக்குச் சொல்வதை நம்பி ஐடி நிதானமாகச் செயல்பட்டால், அந்த நிதானம் எடுத்தவருக்குத்தான் உதவும்.

சட்டக் காரணம் ஒன்றும் இருக்கிறது. பல நாடுகளின் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் தகவல் கசிவை அறிவிக்க நேர வரம்பு வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டத்தில், நிறுவனத்துக்குத் தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். தனிநபர்களுக்குப் பாதிப்பு வர வாய்ப்பில்லை என்று காட்ட முடிந்தால்தான் விலக்கு. வெள்ளி இரவு தொலைத்ததைத் திங்கள் காலை சொன்னால், அந்த இடைவெளிக்கு நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

திட்டு விழும் என்ற பயத்தில் தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. சொந்த போனில் அலுவலக மின்னஞ்சல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு: குழந்தையின் படங்கள் உட்பட எல்லாவற்றையும் ஐடி அழித்துவிடும் என்று. ஆண்ட்ராய்டில் வேலைக்கென்று தனி புரொஃபைல் அமைத்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்க முடியும், சொந்தப் படங்கள் அப்படியே இருக்கும். அலுவலகம் வாங்கிக் கொடுத்த போனில் இது பொருந்தாது. அதை அழித்தால் முழுதும் போகும்.

## 4. பூட்டுங்கள், இன்னும் அழிக்காதீர்கள்

ஐடி பிரிவே பூட்டிவிட்டால் இந்தப் படி முடிந்தது. ஐடி இல்லாத சின்ன அலுவலகம் என்றால் நீங்களே செய்ய வேண்டும். நம்பிக்கையான ஒருவரின் சாதனத்தில் பிரைவேட் விண்டோ திறந்து செய்யுங்கள், முடித்ததும் வெளியேறுங்கள். எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கணினியில் அலுவலகக் கணக்கைத் திறப்பது ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை போடுவதுதான்.

ஆண்ட்ராய்டு போனுக்கு `google.com/android/find`. அதில் `Mark as lost` அல்லது `Secure device` என்று இருக்கும். ஐபோனுக்கும் மேக்குக்கும் `icloud.com/find`. அங்கே நுழையும்போது உறுதிப்படுத்தும் எண் கேட்டாலும் கவலை வேண்டாம், எண் இல்லாமலே சாதனங்களைத் தேடும் பகுதிக்கு மட்டும் போக வழி வைத்திருக்கிறார்கள். போனைத் தொலைத்தவரிடம் எண் வராது என்பது அவர்களுக்கும் தெரியும். அங்கிருந்து ஐபோனை `Lost` நிலைக்கு மாற்றினால் திரை பூட்டப்படும், ஆப்பிள் பேயில் வைத்த அட்டைகளும் நிறுத்தி வைக்கப்படும்.

பூட்டிய திரையில் ஒரு செய்தி எழுதலாம். "கண்டெடுத்தால் அழைக்கவும்" என்று ஒரு எண் கொடுங்கள், போதும். தொலைந்த போனின் எண்ணையே கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளரின் பெயர், "முக்கியமான கோப்புகள் உள்ளன" போன்ற வரிகள் வேண்டாம். பழைய போன் என்று நினைத்து எடுத்தவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நாமே ஏன் சொல்ல வேண்டும்?

விண்டோஸ் லேப்டாப் கதை வேறு. அலுவலகக் கணக்கில் மட்டும் இயங்கும் லேப்டாப்பை ஊழியர் தானே தொலைவிலிருந்து பூட்ட வழி இருப்பதில்லை. அங்கே நம்மைக் காப்பது டிஸ்க் என்கிரிப்ஷனும் அடுத்த படியும்தான்.

வரைபடத்தில் போனின் இடம் தெரிந்தால் நீங்களாகக் கிளம்பிப் போகாதீர்கள். திரையைப் படம் பிடித்து வையுங்கள், போலீஸிடம் கொடுங்கள். வரைபடப் புள்ளி காட்டுவது ஒரு கட்டடத்தின் அருகாமையை. எந்தக் கதவைத் தட்டுவது என்று அது சொல்லாது.

## 5. திறந்திருக்கும் கணக்குகளைத் துண்டியுங்கள்

பெரும்பாலும் சொதப்புவது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போனில் மின்னஞ்சலைத் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்பதில்லை அல்லவா? முதல்முறை நுழைந்தபோது சேவையகம் அந்தச் சாதனத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டு கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு சாதனம் காட்டுவது அந்தச் சீட்டைத்தான். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினால் புதிதாக நுழைபவர்களுக்குத்தான் கதவு அடைபடும். ஏற்கெனவே சீட்டு வைத்திருக்கும் சாதனம் வெளியேறுமா இல்லையா என்பது ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு மாதிரி.

கூகுள் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றிவிடும், சில விதிவிலக்குகள் தவிர. அந்த விதிவிலக்குகளில் ஒன்று, உள்ளே நுழைவது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தப் பயன்படும் சாதனம். பலருக்கு அது எது? இப்போது தொலைந்த அதே போன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத் தூங்கப் போனவரின் மின்னஞ்சல் தொலைந்த போனில் திறந்தே இருக்கலாம்.

ஆகவே இரண்டும் வேண்டும். முதலில் தொலைந்த சாதனத்தை வெளியேற்றுங்கள், அதே மூச்சில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூகுளில் `myaccount.google.com/device-activity` பக்கத்தில் அந்தச் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றலாம். மைக்ரோசாஃப்ட் அலுவலகக் கணக்கில் `myaccount.microsoft.com` போய் `Sign out everywhere` அழுத்தலாம். ஐடியிடம் இதைவிட உறுதியான கருவி இருக்கிறது: அவர் உங்கள் எல்லா அனுமதிகளையும் ரத்து செய்வார், தேவைப்பட்டால் கணக்கையே தற்காலிகமாக முடக்குவார். முடக்கினால் உங்களுக்கும் அன்று மாலை வேலை நடக்காது. நடக்காவிட்டால் பரவாயில்லை.

ரத்து செய்த நொடியே எல்லாம் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 365 போன்ற சேவைகளில், ஏற்கெனவே கைக்கு வந்த குறுகியகாலச் சீட்டு சுமார் ஒரு மணி நேரம் வரை செல்லுபடியாகலாம். 6:40-க்குத் துண்டித்தால் 7:40 வரை ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் பத்து நிமிடம் முந்துவதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுத்தது இதனால்தான்.

எந்த வரிசையில் துண்டிப்பது? மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" இணைப்பும் அங்கேதான் வரும். அதை வைத்திருப்பவர் மீதியைத் தானே திறந்துகொள்வார். அடுத்து பாஸ்வேர்டு மேனேஜர். உலாவியிலேயே பாஸ்வேர்டுகளைச் சேமித்திருந்தால் அதுவும் இதே வகை. அப்புறம் கோப்புச் சேமிப்பு, வாடிக்கையாளர் விவரம் இருக்கும் மென்பொருள், கடைசியாக அரட்டைகள்.

வாட்ஸ்அப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தொலைந்தது லேப்டாப் என்றால், போனில் `Linked devices` போய் அந்த லேப்டாப்பை வெளியேற்றினால் முடிந்தது. தொலைந்தது போன் என்றால், அதே எண்ணை வேறு போனில் பதிவு செய்யும்போதுதான் பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறும். சிம்மை முடக்கினால் மட்டும் போதாது, வைஃபை கிடைத்தால் பழைய போனில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

உறுதிப்படுத்தும் எண் வரும் வழியையும் மாற்ற மறக்காதீர்கள். தொலைந்த போன் உங்கள் கணக்கில் நம்பகச் சாதனமாகப் பதிவில் இருக்கும் வரை, புதிய பாஸ்வேர்டைக்கூட அதை வைத்து மாற்ற முயற்சி செய்யலாம்.

## 6. சிம் கார்டு: பூட்டிய பிறகு, ஆனால் அன்றே

போன் எவ்வளவு இறுக்கமாகப் பூட்டியிருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி அங்கே போகும். சிம்முக்குத் தனி பின் வைத்திருந்தால் தப்பிக்கலாம். பலரும் வைத்திருப்பதில்லை.

இங்கே வரிசையில் ஒரு சிக்கல் உண்டு. பூட்டும் கட்டளையும் அழிக்கும் கட்டளையும் போனைச் சென்றடைய இணையம் வேண்டும். வெளியே இருக்கும் போனுக்கு அந்த இணையம் பெரும்பாலும் சிம் வழியாகத்தான். முதலிலேயே சிம்மை முடக்கினால் உங்கள் கட்டளை காற்றில் நிற்கும்.

நான் பின்பற்றச் சொல்வது இது: தேடும் பக்கத்தில் போன் ஆன்லைனில் தெரிந்தால், பூட்டும் கட்டளை போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துவிட்டு, உடனே தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்துச் சிம்மை முடக்குங்கள். அழிப்பது என்று ஏழாம் படியில் முடிவாகும் நிலை தெரிந்தால் அந்தக் கட்டளையையும் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். போன் ஆஃப்லைன் என்று காட்டினால் காத்திருக்காதீர்கள், சிம்மை முடக்குங்கள். ஆஃப்லைன் ஆன போனை ஏற்கெனவே யாரோ அணைத்துவிட்டார்கள் அல்லது சிம்மைக் கழற்றிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. பூட்டும் கட்டளை வரிசையில் நிற்கும். போன் எப்போது வைஃபையில் இணைந்தாலும் அப்போது போய்ச் சேரும்.

## 7. அழிப்பதா வேண்டாமா

இந்த முடிவு ஊழியருடையது அல்ல, அலுவலகத்துடையது. ஊழியர் தகவல் கொடுக்கலாம், பொத்தானை அவர்கள் அழுத்தட்டும்.

காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை அழித்துவிட்டால் அதற்குப் பிறகு தேடும் பக்கத்தில் அது தெரியாது. வேறெங்கும் நகல் இல்லாத கோப்பு அதில் இருந்திருந்தால் அதுவும் போச்சு. மெமரி கார்டு போட்டிருந்தால் அழிக்கும் கட்டளை அதைத் தொடாமலே விடலாம், ஆனால் நாமோ எல்லாம் அழிந்தது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

பொதுவாக, திரை பூட்டியிருந்தது, என்கிரிப்ஷன் இயக்கத்தில் இருந்தது, பத்து நிமிடத்துக்கு முன் விட்டுவந்த அறையில் இருக்க வாய்ப்புண்டு என்றால், பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். திரை திறந்திருந்தபோது பறிபோனது, பாஸ்கோடை யாரோ பார்த்திருக்கலாம், நிச்சயம் திருட்டு என்று தெரிகிறது, இவற்றில் ஏதாவது ஒன்று உண்மையென்றால் அழிப்பதே சரி.

லேப்டாப்பில் இதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். அழிக்கும் கட்டளை லேப்டாப் இணையத்தில் சேரும்போதுதான் வேலை செய்யும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துபவர் அதை இணையத்தோடு இணைக்கப்போவதில்லை. என்கிரிப்ஷன் இல்லாத லேப்டாப் தொலைந்தால், "அழிக்கச் சொல்லிவிட்டோம்" என்ற பதிவு ஆறுதல் மட்டுமே. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே போய்விட்டதாகவே கணக்கு வையுங்கள்.

என்கிரிப்ஷன் இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம்: லேப்டாப்பை அணைத்தீர்களா, மூடினீர்களா? மூடினால் பெரும்பாலும் அது தூங்குகிறது, திறவுகோல் நினைவகத்தில் இருக்கிறது. சாதாரணத் திருடனால் அதை எடுக்க முடியாது, ஆனால் ஐடியின் மதிப்பீட்டில் இந்த வித்தியாசம் எழுதப்பட வேண்டும்.

புதியவர்கள் செய்யும் ஒரு பிழை இங்கே அடிக்கடி வரும். "இனி இது என் சாதனம் இல்லை" என்று கணக்கின் பட்டியலிலிருந்தே அதை நீக்கிவிடுவார்கள். ஆப்பிள் கணக்கிலிருந்து ஐபோனை நீக்கினால் ஆக்டிவேஷன் லாக் போய்விடும். அப்புறம் எடுத்தவர் அதைப் புதுப் போன் போல இயக்கிக்கொள்ளலாம். வெளியேற்றுவது வேறு, பட்டியலிலிருந்து நீக்குவது வேறு. நீக்கவே வேண்டாம்.

## 8. அன்றிரவே எழுதி வையுங்கள்

இரண்டு தாள். ஒன்றில் நேரம், மற்றொன்றில் உள்ளே இருந்தவை.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை பார்ப்போம். பிற நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கும் அலுவலகம். ஊழியர் ஒருவர் வாடகைக் காரில் பையை மறந்து இறங்குகிறார். பையில் லேப்டாப்பும் அலுவலக போனும். அவருடைய நேரத் தாள் இப்படி இருக்கிறது:

6:10 – காரிலிருந்து இறங்கினேன். போன் பூட்டியிருந்தது, லேப்டாப் மூடியிருந்தது, அணைக்கவில்லை.
6:25 – பை இல்லை என்று கவனித்தேன். நண்பர் போனிலிருந்து அழைத்தேன், மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.
6:34 – ஐடிக்கு அழைத்தேன்.
6:38 – போன் ஆன்லைனில் தெரிகிறது, பூட்டினார்கள், உறுதியானது.
6:41 – கணக்கின் அனுமதிகள் ரத்து, பாஸ்வேர்டு மாற்றம்.
6:52 – சிம் முடக்கம். புகார் எண் வாங்கினேன்.
7:05 – லேப்டாப் ஆஃப்லைன். அழிக்கும் கட்டளை காத்திருக்கிறது. டிஸ்க் என்கிரிப்ஷன் இயக்கத்தில் இருந்ததாக ஐடி பதிவில் உள்ளது.

நன்றாகத்தான் செய்திருக்கிறார். இப்போது இரண்டாவது தாள். "மின்னஞ்சல், கோப்புகள்" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அது யாருக்கும் உதவாது. இடம் இடமாகப் போக வேண்டும்: டவுன்லோட்ஸ் ஃபோல்டர், டெஸ்க்டாப், இணையம் இல்லாமலும் திறக்கும் மின்னஞ்சல் நகல், கணினியில் இறங்கிவந்த கிளவுட் கோப்புகள், போனின் புகைப்படங்கள். புகைப்படங்களை எல்லோரும் மறக்கிறார்கள். வாடிக்கையாளர் அனுப்பிய அடையாள அட்டையின் படம் அங்கேதான் கிடக்கும்.

நினைவில் வராவிட்டால் வேறு கணினியில் அனுப்பிய மின்னஞ்சல்களையும், கிளவுட் சேமிப்பில் சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியலையும் பாருங்கள். நம் ஊழியர் அப்படிப் பார்த்தபோது ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் டவுன்லோட்ஸில் இருந்தது தெரிந்தது. பெயர், வங்கிக் கணக்கு எண், சம்பளம், மூன்றும் அதில் உண்டு. லேப்டாப் என்கிரிப்ட் ஆனது என்பதால் அதன் ஆபத்து குறைவு.

அப்புறம் ஐடி ஒரு கேள்வி கேட்கிறார்: "பையில் வேறென்ன இருந்தது?" ஒரு பென் டிரைவ். அதே சம்பளப் பட்டியலின் போன மாத நகல், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல். இதுவரை செய்த பூட்டு, ரத்து, சிம் முடக்கம் எதுவும் அந்தப் பென் டிரைவைத் தொடாது. இந்தச் சம்பவத்தில் உண்மையாகவே கசிந்திருக்கக்கூடியது அது ஒன்றுதான், வாடிக்கையாளருக்கு எழுத வேண்டிவந்ததும் அதனால்தான்.

ஆகவே இரண்டாவது தாளில் சாதனத்தோடு நிறுத்தாமல் பையையும் எழுதுங்கள். பென் டிரைவ், வெளி டிஸ்க், அச்சிட்ட தாள்கள், பாஸ்வேர்டு எழுதிய நோட்டு, அலுவலகக் கதவு அட்டை, கணக்கில் நுழையும் செக்யூரிட்டி கீ. லேப்டாப்பும் அதன் பாஸ்வேர்டு எழுதிய நோட்டும் ஒரே பையில் போயிருந்தால் என்கிரிப்ஷன் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

## 9. போலீஸ் புகார்

திருட்டு என்றால் அன்றே, தொலைந்தது என்றால் அடுத்த நாளுக்குள். ஐஎம்இஐ எண், சீரியல் எண் இரண்டையும் கொடுங்கள். புகாரின் நகலை வாங்கி ஐடிக்கு அனுப்புங்கள். காப்பீட்டுக்கும், சட்டப்படி அறிவிக்க வேண்டியிருந்தால் அதற்கும் அது தேவைப்படும். "வாடிக்கையாளர் தகவல்" என்று பொதுவாகச் சொன்னால் போதும், வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலைப் புகாரில் எழுதத் தேவையில்லை.

## 10. வாடிக்கையாளரிடம் நீங்களாகப் பேசாதீர்கள்

நெருக்கமான வாடிக்கையாளர் என்றால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். "உங்கள் கோப்பு போய்விட்டது" என்று சொல்லிவிட்டு மறுநாள் "இல்லை, அது என்கிரிப்ட் ஆகியிருந்தது" என்றால், இரண்டாவதை யாரும் நம்பமாட்டார்கள்.

யாருக்கு, எப்போது, எந்த வார்த்தையில் என்பதை அலுவலகம் முடிவு செய்யும். தனியாகத் தொழில் செய்பவர் என்றால் அந்த அலுவலகம் நீங்களேதான். அப்போது எட்டாம் படியின் இரண்டு தாளும் முடிந்த பிறகு எழுதுங்கள்: என்ன தொலைந்தது, எந்தத் தகவல் அதில் இருந்தது, என்ன செய்தீர்கள், அவர் என்ன செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு எண் கசிந்திருந்தால் அந்தக் கடைசிப் பகுதியைத் தவிர்க்கவே முடியாது.

அதுவரை வாடிக்கையாளரே அழைத்துக் கேட்டால் மறைக்காதீர்கள். "சாதனம் ஒன்று தொலைந்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னார் உங்களை அழைப்பார்" என்று சொல்லி, அந்த இன்னாரிடம் உடனே தெரிவியுங்கள்.

## 11. அடுத்த சில நாட்கள்

"உங்கள் போன் கிடைத்துவிட்டது, இடத்தைப் பார்க்க இங்கே நுழையவும்" என்று குறுஞ்செய்தி வரலாம். நீங்கள் பூட்டிய திரையில் எண் கொடுத்திருந்தீர்கள் அல்லவா, அந்த எண்ணுக்கே வரும். இணைப்பைத் திறந்தால் ஆப்பிள் அல்லது கூகுள் பக்கம் போலவே இருக்கும். அது கேட்பது உங்கள் பாஸ்வேர்டை, அல்லது போனின் பாஸ்கோடை. பூட்டிய போனை விற்க முடியாமல் வைத்திருப்பவருக்கு உங்கள் தயவு தேவைப்படுகிறது, அவ்வளவுதான். எப்போதும் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். போனில் பேசி "கணக்கிலிருந்து நீக்குங்கள், திருப்பித் தருகிறேன்" என்று கேட்டாலும் நீக்காதீர்கள்.

அதே நாட்களில் உங்கள் பெயரில் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போகிறதா, நீங்கள் வைக்காத ஃபார்வர்டிங் விதி அஞ்சல் பெட்டியில் இருக்கிறதா என்று ஐடியிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் உள்ளே இருந்தவர் செய்யக்கூடிய முதல் வேலை, வரும் மின்னஞ்சல்களின் நகல் தனக்கும் வரும்படி ஒரு விதி வைப்பதுதான். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும், பார்த்து நீக்கினால்தான் போகும்.

சாதனம் திரும்பக் கிடைத்தால்? நேராக வேலைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் இணைக்காமல், திறந்து பார்க்காமல் ஐடியிடம் கொடுங்கள். கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்ற பதிவு உள்ளே இருக்கலாம், நீங்கள் திறந்தால் அந்தத் தடம் கலையும். முழுதும் அழித்து மறுபடி நிறுவிய பிறகுதான் அது உங்கள் மேஜைக்கு வர வேண்டும். கிடைத்த நேரத்தையும், யார் கொடுத்தார்கள் என்பதையும் அந்த முதல் தாளின் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.